ஒரு வீட்டுக்கு இரண்டு பாலிசி: இழப்பீடு எப்படிப் பங்கிடப்படும்?

சென்ற ஆண்டு ஒரு குடும்பம் நம் டிரஸ்டின் வழிகாட்டி மையத்துக்கு வந்தது. குடும்பத் தலைவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஊரில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும், வயதான வாப்பாவும் இருக்கிறார்கள். ஒரு நாள் பின்னிரவில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஏற்பட்ட மின்கசிவால் சமையலறையில் தீப்பிடித்து, ஹாலின் பாதி வரை எரிந்துவிட்டது. அல்லாஹ்வின் கிருபையால் யாருக்கும் காயமில்லை. ஆனால் மேல்தளத்தின் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தது. வயரிங் முழுவதும் உருகிப் போயிருந்தது. கதவு, ஜன்னல், தரை ஓடு எல்லாம் மாற்ற வேண்டிய நிலை.

அந்த வீட்டுக்கு இரண்டு இன்சூரன்ஸ் பாலிசிகள் இருந்தன. பெரியவர் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, "ரெண்டு கம்பெனிக்கும் பணம் கட்டியிருக்கோம் தம்பி, ரெண்டு பேரும் தரணும்தானே?" என்று கேட்டார். அப்படித்தான் அவர்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி இரண்டு கம்பெனிகளிலும் தனித்தனியாக கிளைம் போட்டிருந்தார்கள். ஒன்றில் மற்றதைப் பற்றிச் சொல்லவில்லை. விஷயம் சிக்கலாகிவிட்ட பிறகுதான் நம்மிடம் வந்தார்கள்.

இன்சூரன்ஸ் எடுப்பது மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வியை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. வீட்டுக் கடன் வாங்கியதாலோ சட்டத்தின் கட்டாயத்தாலோ பாலிசி ஏற்கெனவே கையில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் தெரிந்துகொள்வதற்காகவே, அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு இதை எழுதுகிறோம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, கணக்கு எளிதாகப் புரிவதற்காகத் தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறோம்.

முதலில், ஒரே வீட்டுக்கு இரண்டு பாலிசி எப்படி வந்தது? 2019இல் வங்கியில் வீட்டுக் கடன் வாங்கியபோது, வங்கியே 10 ஆண்டுகளுக்கு ஒரு பாலிசி போட்டு, அதன் பிரீமியத்தையும் கடன் தொகையோடு சேர்த்துவிட்டது. கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் அதுவும் ஒன்று. வீட்டில் யாருக்கும் அது நினைவில் இல்லை. அந்தப் பாலிசியின் காப்புத் தொகை 20 லட்சம். கட்டடத்துக்கு மட்டும்தான் காப்பு. 2023இல் குடும்பத் தலைவர் ஊருக்கு வந்திருந்தபோது, வீட்டுக்கு இன்சூரன்ஸே இல்லை என்று நினைத்து, மச்சான் மூலமாக வேறொரு கம்பெனியில் இன்னொன்று எடுத்தார். அதில் கட்டடத்துக்கு 30 லட்சம், வீட்டுச் சாமான்களுக்கு 6 லட்சம். அந்த வீட்டை இன்று புதிதாகக் கட்டினால் ஏறக்குறைய 30 லட்சம்தான் ஆகும்.

உங்கள் வீட்டிலும் இப்படி இருக்கலாம். கடன் கணக்கின் முதல் மாத ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் பிரீமியம் என்று ஒரு வரி இருந்தால், பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகை ஆயுள் காப்பீட்டுக்கா வீட்டுக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடனோடு இரண்டையுமே சேர்த்துவிடுவது உண்டு.

இனி பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். இரண்டு கம்பெனிகளும் முழுத் தொகையைத் தருமா? தராது. வீடு, வாகனம், கடைச்சரக்கு போன்றவற்றுக்கான இன்சூரன்ஸ் நஷ்டத்தை ஈடு செய்வதற்காக மட்டுமே. தீக்கு முன் நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்களோ அந்த நிலைக்குக் கொண்டுவருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. 5 லட்சம் நஷ்டத்துக்கு 10 லட்சம் கிடைக்கும் என்றால், தீப்பிடிப்பதே ஒரு வருமானமாகிவிடும். அதனால் இரண்டு பாலிசி, மூன்று பாலிசி இருந்தாலும் எல்லாம் சேர்ந்து தருவது உண்மையான நஷ்டத்தைத் தாண்டாது.

மக்கள் ஏமாறுவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. ஆயுள் காப்பீட்டில் இந்த விதி கிடையாது. ஒருவர் மூன்று ஆயுள் பாலிசிகள் வைத்திருந்து இறந்துபோனால், மூன்றிலிருந்தும் முழுத் தொகை வரும். மனித உயிருக்கு இவ்வளவுதான் நஷ்டம் என்று யாரும் கணக்குப் போட முடியாது அல்லவா? விபத்து மரணத்துக்கான தனிநபர் பாலிசிகளும் அப்படியே. அக்கம்பக்கத்தில் அப்படிப் பணம் வாங்கியவர்களைப் பார்த்தவர்கள், வீட்டுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் 5 லட்சத்தை யார் தருவது? இரண்டு கம்பெனிகளும் தங்கள் காப்புத் தொகையின் விகிதத்தில் சுமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வங்கி எடுத்த பாலிசி 20 லட்சம், மச்சான் எடுத்தது 30 லட்சம். மொத்தம் 50 லட்சம். ஆக, முதல் கம்பெனியின் பங்கு ஐந்தில் இரண்டு, இரண்டாவது கம்பெனியின் பங்கு ஐந்தில் மூன்று. கட்டட நஷ்டம் 5 லட்சம் என்று சர்வேயர் மதிப்பிட்டார். முதல் கம்பெனி 2 லட்சம், இரண்டாவது கம்பெனி 3 லட்சம்.

சாமான்களின் கணக்கு வேறு. ஃப்ரிட்ஜ், மிக்ஸி, பீரோ, துணிமணி என்று 80,000 ரூபாய் நஷ்டம். வங்கியின் பாலிசி கட்டடத்துக்கு மட்டும் என்பதால், இந்த 80,000 முழுவதும் இரண்டாவது கம்பெனியைச் சேர்ந்தது. இரண்டு பாலிசிகளும் ஒரே பொருளைக் காக்கும் இடத்தில் மட்டுமே பங்கீடு வரும். குடும்பத்துக்குச் சேர வேண்டியது மொத்தம் 5,80,000 ரூபாய். அவர்கள் எதிர்பார்த்ததோ 10 லட்சத்துக்கும் மேல்.

பெரியவரின் முகம் வாடிவிட்டது. "அப்போ ரெண்டாவதுக்குக் கட்டினது வீணா?" என்றார். கட்டடத்தைப் பொறுத்தவரை, 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 50 லட்சத்துக்குக் காப்பு எடுத்ததில் 20 லட்சத்துக்கான பிரீமியம் வீண்தான். அதே வீடு கட்ட 45 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் கதை வேறு. அப்போது 20 லட்சப் பாலிசியோ 30 லட்சப் பாலிசியோ தனியாகப் போதாது. முழு வீடும் போனால் இரண்டும் சேர்ந்துதான் 45 லட்சத்தைத் தர முடியும். அந்த நிலையில் இரண்டாவது பாலிசி வீண் அல்ல, தேவையே. வீட்டை மறுபடி கட்டும் செலவோடு மொத்தக் காப்புத் தொகையை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். மனையின் விலையை இதில் சேர்க்கக் கூடாது; மண் எரியாது.

இந்த வழக்கில் குடும்பத்துக்கு உண்மையிலேயே உதவிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. பங்கு இரண்டாகப் பிரியும் என்பதற்காக, நீங்கள் இரண்டு கம்பெனிகளின் வாசலிலும் நிற்க வேண்டுமா? பாலிசியில் அச்சடித்திருக்கும் வாசகத்தைப் பொறுத்தது அது.

பழைய தீ இன்சூரன்ஸ் பாலிசிகளில் ஒரு நிபந்தனை இருக்கும். அதே சொத்துக்கு வேறு இன்சூரன்ஸ் இருந்தால், அதை யார் எடுத்திருந்தாலும் சரி, இந்தக் கம்பெனி தன் விகிதப் பங்குக்கு மேல் தராது என்பதே அதன் சாரம். வங்கி 2019இல் எடுத்த பாலிசி இந்த ரகம். அந்தக் கம்பெனியிடம் மட்டும் போயிருந்தால், "எங்கள் பங்கு 2 லட்சம், மீதியை அவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல அதற்கு உரிமை உண்டு.

2021 ஏப்ரல் 1 முதல் நிலைமை மாறியது. வீடுகளுக்கு எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரியான நிபந்தனைகளோடு 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற பாலிசியை வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. அந்தப் பாலிசியில், வேறு பாலிசியும் இருந்தால் எதில் கிளைம் கேட்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பாலிசிதாரருக்கே தரப்பட்டிருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் கம்பெனி தன் பாலிசியின் வரம்புக்குள் முழு நஷ்டத்தையும் உங்களுக்குத் தரும். பிறகு மற்ற கம்பெனியிடமிருந்து அதன் பங்கை வசூலித்துக்கொள்ளும். அந்தக் கொடுக்கல் வாங்கல் இரண்டு கம்பெனிகளுக்கும் இடையே உள்ளது.

மச்சான் 2023இல் எடுத்தது இந்தப் பாலிசிதான். ஆகவே அதில் மட்டும் கிளைம் கேட்டிருந்தாலே 5 லட்சமும் 80,000மும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கும். அந்தக் கம்பெனி பின்னர் 2 லட்சத்தை முதல் கம்பெனியிடம் கேட்டு வாங்கியிருக்கும்.

தேர்ந்தெடுப்பதில் இன்னொரு கூறும் உண்டு. வங்கி எடுத்த பாலிசியில் வங்கியின் பெயரும் சேர்ந்திருக்கும். கடன் நிலுவையில் இருக்கும்வரை அந்தப் பாலிசியிலிருந்து வரும் பணம் வங்கிக்குத்தான் போகும். வங்கி அதைக் கடன் கணக்கில் வரவு வைத்துவிட்டால், கடன் குறையும். ஆனால் உதிர்ந்த கூரையைப் பூசக் கையில் காசு இருக்காது. இந்தக் குடும்பத்துக்கு அவசரம் கூரைதான், மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாலிசி குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் இருந்ததால், அதன் பணம் நேராக அவர் கணக்குக்கு வரும். வங்கிப் பாலிசி ஒன்று மட்டுமே உள்ளவர்கள், பழுதுபார்க்கும் எஸ்டிமேட்டை இணைத்து, பணத்தை அந்த வேலைக்கு விடுவிக்கும்படி கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் கேட்க வேண்டும். கேட்காமல் அது தானாக நடக்காது.

இப்போது அவர்கள் செய்த தவறைப் பார்ப்போம். கிளைம் படிவத்தில், இந்தச் சொத்துக்கு வேறு இன்சூரன்ஸ் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். இரண்டு படிவங்களிலும் "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தவர் அப்படித்தான் எழுதச் சொன்னாராம். அது மட்டுமல்ல, கொத்தனாரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் இரண்டு செட் எஸ்டிமேட் வாங்கி, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். இரண்டிலும் தொகைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

இது வெளியே தெரியாது என்று நினைப்பது பேதைமை. இரண்டாவதாக வந்த சர்வேயர், வீட்டின் மீது அடமானம் இருப்பதைப் பத்திர நகலில் பார்த்தார். அடமானம் இருந்தால் வங்கியின் பாலிசியும் இருக்கும் என்பது அவர் தொழிலில் பாலபாடம். உடனே கடன் ஸ்டேட்மென்டைக் கேட்டார். அதில் பிரீமியம் வரி இருந்தது. "இந்த வீட்டை வேறு சர்வேயர் யாராவது வந்து பார்த்தார்களா?" என்று அவர் கேட்டபோது, அந்தச் சகோதரிக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு பாலிசி வைத்திருப்பது குற்றம் அல்ல. இரண்டிலிருந்தும் முழுப் பணம் வாங்குவதற்காக ஒன்றை மறைப்பதுதான் மோசடி. பாலிசி நிபந்தனைப்படி மோசடியான கிளைமுக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. நியாயமாகக் கிடைக்க வேண்டிய 5,80,000மும் சேர்ந்து போய்விடும். அந்தக் குடும்பத்தின் முன்னால் நின்ற ஆபத்து அதுதான்.

அதிர்ஷ்டவசமாக எந்தக் கம்பெனியும் அதுவரை பணம் கொடுத்திருக்கவில்லை. நாம் செய்யச் சொன்னது ஒரே காரியம்: இரண்டு கம்பெனிகளுக்கும் ஒரே நாளில் கடிதம். வங்கி எடுத்த பாலிசி பற்றிய விவரம் வீட்டில் தெளிவாகத் தெரியாமலும், தவறான ஆலோசனையாலும் படிவத்தில் பிழையாக எழுதப்பட்டது; இரண்டு பாலிசிகளின் எண்களும் இவை; கட்டடத்துக்கும் சாமான்களுக்கும் 2023 பாலிசியில் இழப்பீடு கேட்கிறோம்; முதல் கம்பெனியிடம் தனியாகப் பணம் கேட்கவில்லை; எஸ்டிமேட் இதுதான், முன்பு கொடுத்தவற்றைத் திரும்பப் பெறுகிறோம். பெரியவர் தயங்கினார். பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதையே பிடித்துக்கொள்வார்களே என்று பயந்தார். சர்வேயரின் அறிக்கை போவதற்கு முன் நாமே சொன்னால் அது திருத்தம், அவர் சொன்ன பிறகு நாம் சொன்னால் அது பிடிபட்ட பின் வந்த வாக்குமூலம் என்று விளக்கியதும் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகும் சுலபமாக முடிந்துவிடவில்லை. இரண்டாவது கம்பெனியின் அதிகாரி முதலில், "எங்கள் பங்கு 3 லட்சம்தான், மீதியை வங்கிக் கம்பெனியிடம் கேளுங்கள்" என்றார். பழைய பழக்கத்தில் பேசியிருக்கலாம். பாலிசி நகலில் மற்ற பாலிசிகளைப் பற்றிய பத்தியை அடிக்கோடிட்டு, மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னோம். வாயால் வாதிடுவதைவிட அது வேலை செய்தது. கம்பெனி எழுத்து மூலப் புகாருக்கும் இசையவில்லை என்றால், அல்லது 30 நாளில் பதில் தரவில்லை என்றால், இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்துக்கு அந்த அளவுக்குப் போக வேண்டிவரவில்லை.

மூன்று மாதம் தாமதமானது. ஆனால் 5,80,000 ரூபாயும் வந்தது. அசல் பில்களை இரண்டாவது கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, சான்றொப்பமிட்ட நகல்களை வைத்துக்கொண்டார்கள். பங்கு கேட்கும்போது முதல் கம்பெனி அவற்றைப் பார்க்கக் கேட்கலாம் என்பதற்காக. பணம் பெற்றதற்கான ரசீதில், மற்ற கம்பெனியிடம் இதே நஷ்டத்துக்குப் பணம் வாங்கவில்லை, வாங்க மாட்டோம் என்ற உறுதியும் இருந்தது. படித்துப் பார்த்து, அது உண்மை என்பதால் கையெழுத்திட்டார்கள்.

பின்னர் வங்கிக்கு இன்னொரு கடிதம் கொடுத்தார்கள்: 30 லட்சப் பாலிசியில் வங்கியின் பெயரைச் சேர்த்துத் தருகிறோம், பழைய 20 லட்சப் பாலிசியை ரத்து செய்து மீதிக் காலத்துக்கான தொகையைத் திருப்பித் தாருங்கள் என்று. வங்கி காட்டும் கம்பெனியில்தான் வீட்டு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. போதிய காப்பு உள்ள பாலிசி இருந்து, அதில் வங்கியின் பெயரும் இருந்தால் போதும். இனி பழுது வந்தால் பணம் வங்கி வழியாகத்தான் வரும் என்ற குறை இதில் உண்டு. ஒரே வீட்டுக்கு இரண்டு பிரீமியம் கட்டுவதைவிட அது மேல் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு சகோதரர், "என் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவரும் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறார், அப்போது நமக்கும் பங்கு பிரிப்பார்களா?" என்று கேட்டார். இல்லை. அவர் காப்பு எடுத்திருப்பது தன் சரக்குக்கு, நீங்கள் எடுத்திருப்பது கட்டடத்துக்கு. பொருளே வேறு. ஒரே பொருளாக இருந்தாலும் அதில் இருவருக்கும் உள்ள உரிமை வேறு வேறாக இருந்தால் பங்கீடு வராது. இங்கிலாந்தில் 1877இல் முடிவான ஒரு வழக்கை இதற்கு இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். கிடங்குக்காரர் ஒருவரிடம் இருந்த வியாபாரியின் தானியம் தீயில் போனது. கிடங்குக்காரரும் அதற்கு இன்சூரன்ஸ் வைத்திருந்தார், வியாபாரியும் வைத்திருந்தார். பணம் கொடுத்த கிடங்குக்காரரின் கம்பெனி, வியாபாரியின் கம்பெனியிடம் பங்கு கேட்டது. ஒருவருடையது உரிமையாளரின் நலன், மற்றவருடையது பொறுப்பேற்றவரின் நலன். இரண்டும் ஒன்றல்ல என்று நீதிமன்றம் பங்கை மறுத்துவிட்டது. நம் குடும்பத்தின் வழக்கில் இரண்டு பாலிசிகளும் அதே வீட்டில் அதே உரிமையாளரின் நலனைக் காத்ததால்தான் பங்கீடு வந்தது.

வாகனத்துக்கும் அடிப்படை இதுவே. ஆனால் அங்கே இரட்டை இன்சூரன்ஸ் பெரும்பாலும் அவசரத்தில் வருகிறது. பாலிசி முடியும் நாளன்று ஏஜென்ட் ஒன்றைப் புதுப்பிப்பார். அது தெரியாமல் துபாயில் இருக்கும் மகன் போனிலேயே வேறு கம்பெனியில் இன்னொன்றை எடுத்துவிடுவார். மோட்டார் பாலிசியின் நிபந்தனையில் விகிதப் பங்குக்கு மேல் தர மாட்டோம் என்ற வாசகம்தான் இருக்கிறது. அதனால் வண்டி மோதி 60,000 ரூபாய் செலவு வந்து, இரண்டு பாலிசிகளிலும் வண்டியின் மதிப்பு ஒன்றாகவே இருந்தால், ஒவ்வொன்றிலும் 30,000 என்று இரண்டு இடங்களில் அலைய வேண்டிவரும்.

இந்தியன் மோட்டார் டாரிஃப் விதி இதற்கு வழி சொல்கிறது. ஒரே வண்டிக்கு ஒரே மாதிரியான இரண்டு பாலிசிகள் இருந்தால் ஒன்றை ரத்து செய்துகொள்ளலாம். இரண்டு வெவ்வேறு கம்பெனிகள் என்றால், பிந்தித் தொடங்கிய பாலிசியைத்தான் ரத்து செய்ய வேண்டும். மீதி நாட்களுக்கான பிரீமியம் விகிதப்படி திரும்ப வரும். முந்தைய பாலிசியின் நகலோடு பிந்திய கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் இரண்டும் நடப்பில் இருந்த நாட்களில் எதிலாவது ஒரு கிளைம் வந்துவிட்டால், பிறகு ரத்து செய்தாலும் பிரீமியத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். ஆகவே வண்டிக்கு இரண்டு பாலிசி இருப்பதைக் கண்டவுடன் அன்றே கடிதம் கொடுத்துவிடுங்கள்.